நியூ ஜெர்சியின் 2.76: டிஃபரன்ஸ் இன் டிஃபரன்ஸ் எதன் மேல் நிற்கிறது?

பொருளியல் துறையின் செமினார் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் வழிமுறை டிஃபரன்ஸ் இன் டிஃபரன்ஸ். ஒரு மாநிலத்தில் ஒரு திட்டம் வந்திருக்கும், பக்கத்து மாநிலத்தில் வந்திருக்காது, இரண்டுக்கும் முன்னும் பின்னுமாகத் தரவு கிடைக்கும். மாணவர் ஒரு ரிக்ரெஷன் ஓட்டி, பெருக்கல் உறுப்பின் கெழுவை எடுத்து, அது புள்ளியியல் ரீதியாகப் பொருட்படுத்தத் தக்கது என்று காட்ட அதன் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டு, "இதுவே திட்டத்தின் விளைவு" என்று எழுதிவிடுவார். கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நான்கு சராசரிகளும் மூன்று கழித்தல்களும்தானே, அதில் எங்கே தப்புவது? ஆனால் அந்தக் கழித்தலுக்குப் பின்னால் ஒரு அனுமானம் இருக்கிறது. கட்டுரையின் முக்கால் பங்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும். பல கட்டுரைகளில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைக்கிறது.

இந்த வழிமுறையை விளக்க எல்லோரும் எடுத்துக்கொள்ளும் உதாரணத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன்: டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியிட்ட குறைந்தபட்சக் கூலி ஆய்வு. கார்டுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த மாதிரி வேலைகளே காரணம். க்ரூகர் 2019லேயே இறந்துவிட்டார். பழைய உதாரணம்தான். ஆனால் அதன் நான்கு எண்களை நிதானமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு.

1992 ஏப்ரல் 1ஆம் தேதி நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. கிட்டத்தட்ட 19 சதவீத உயர்வு. பக்கத்தில் இருக்கும் பென்சில்வேனியாவில் கூலி 4.25லேயே நின்றது. பாடப்புத்தகத்தின் போட்டிச் சந்தை மாதிரியைக் கேட்டால், கூலி ஏறினால் ஆள் குறைய வேண்டும். குறைந்ததா என்று பார்க்க இருவரும் துரித உணவுக் கடைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பர்கர் கிங், கேஎஃப்சி, வெண்டீஸ், ராய் ராஜர்ஸ் ஆகிய நான்கு சங்கிலிகள். குறைந்த கூலிக்கு ஆள் எடுப்பவை இவைதான். மெனுவும் வேலையும் மாநில எல்லையின் இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நியூ ஜெர்சியில் 331 கடைகள், கிழக்கு பென்சில்வேனியாவில் 79 கடைகள், மொத்தம் 410. உயர்வுக்கு முன் 1992 பிப்ரவரி, மார்ச்சில் ஒரு தடவையும், அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் இன்னொரு தடவையும் கடைகளைத் தொடர்புகொண்டு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். பகுதிநேர ஊழியரை அரை ஆளாகக் கணக்கிட்டு, முழுநேர ஊழியர்களோடும் மேலாளர்களோடும் கூட்டி, கடைக்கு ஒரு எண் எடுத்தார்கள். இடையில் நிரந்தரமாக மூடப்பட்ட கடையைத் தரவிலிருந்து நீக்கிவிடாமல் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். இது முக்கியமான விஷயம். கூலி உயர்வால் ஒரு கடையே மூடப்பட்டிருந்தால், அதை நீக்கும்போது நாம் தேடுகிற விளைவையும் சேர்த்தே நீக்கிவிடுவோம்.

கிடைத்த சராசரிகள் இவை (ஒரு கடைக்கு எத்தனை ஊழியர்கள் என்ற கணக்கில்):

| | முன் | பின் | மாற்றம் |
|---|---|---|---|
| நியூ ஜெர்சி | 20.44 | 21.03 | +0.59 |
| பென்சில்வேனியா | 23.33 | 21.17 | −2.16 |

நியூ ஜெர்சியை மட்டும் பார்த்தால் கடைக்கு 0.59 ஆள் கூடியிருக்கிறது. இதைக் கூலி உயர்வின் விளைவு என்று சொல்ல முடியாது. பிப்ரவரிக்கும் நவம்பருக்கும் இடையே பருவம் மாறியிருக்கிறது, பொருளாதாரம் மாறியிருக்கிறது, இன்னும் என்னென்னவோ மாறியிருக்கும். சரி, உயர்வுக்குப் பிந்தைய இரண்டு எண்களை மட்டும் ஒப்பிடலாம் என்றால் 21.03 கழித்தல் 21.17, அதாவது −0.14. இதுவும் உதவாது, ஏனென்றால் இரு மாநிலக் கடைகளும் தொடக்கத்திலேயே ஒரே அளவில் இல்லை. பென்சில்வேனியாக் கடைகள் கிட்டத்தட்ட மூன்று ஆள் பெரியவை. ஆகவே மாற்றத்திலிருந்து மாற்றத்தைக் கழிக்கிறோம்: 0.59 − (−2.16) = 2.75. ஆய்வில் அச்சான எண் 2.76. தசமங்களைச் சுருக்கியதால் வந்த வித்தியாசம் அது. முதல் கழித்தலில் ஒவ்வொரு மாநிலத்தின் நிலையான வேறுபாடுகளும் போய்விடுகின்றன. இரண்டாவது கழித்தலில் இரு மாநிலத்துக்கும் பொதுவான காலப் போக்கு போய்விடுகிறது. மிச்சம் இருப்பது கொள்கையின் விளைவு. கூலி ஏறியும் ஆள் குறையவில்லை, கூடியிருக்கிறது என்ற அந்த முடிவுதான் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

இப்போது அட்டவணையை இன்னொரு தடவை பாருங்கள். 2.75 எங்கிருந்து வந்தது? நியூ ஜெர்சி கொடுத்தது வெறும் 0.59. மீதி 2.16, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, கொள்கையே வராத பென்சில்வேனியாவிலிருந்து வந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் ஆள் எடுத்தார்கள் என்பதைவிட, பென்சில்வேனியாவில் ஆள் குறைந்தது என்பதே இந்த ஆய்வின் பெரிய செய்தி. கூலி உயர்வு இல்லாமல் போயிருந்தால் நியூ ஜெர்சிக் கடைகளும் அதே 2.16 குறைந்து 18.28க்கு வந்திருக்கும் என்று நாம் நம்புகிறோம். அப்படி நம்பினால் மட்டுமே 21.03க்கும் 18.28க்கும் இடையே உள்ள தூரம் கூலி உயர்வின் விளைவு. அந்த 18.28ஐ யாரும் பார்த்ததில்லை, எந்தச் சர்வேயிலும் அது கிடைக்காது.

இதைத்தான் இணைப்போக்கு அனுமானம் என்கிறோம். இரு குழுக்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. பல செமினார் கட்டுரைகளில் "இரு மாநிலங்களும் மக்கள்தொகையிலும் எழுத்தறிவிலும் ஒத்திருக்கின்றன" என்று ஒரு அட்டவணை வரும். அளவில் ஒத்திருப்பது நல்லதுதான், ஆனால் அது அனுமானத்தை நிறுவாது. கொள்கை வராமல் இருந்திருந்தால் இரு குழுக்களின் மாற்றமும் ஒரே அளவாக இருந்திருக்கும் என்பதே அனுமானம். நடக்காத ஒன்றைப் பற்றிய கூற்று அது. எனவே தரவை வைத்து அதை நேரடியாகச் சோதிக்க வழியே இல்லை. நம்புவதற்குக் காரணம் காட்டலாம், சந்தேகப்படுவதற்கும் காரணம் காட்டலாம். கட்டுரை எழுதுபவரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

## மாநிலத்துக்கு உள்ளேயே ஒரு பென்சில்வேனியா

கார்டும் க்ரூகரும் காட்டிய காரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, பென்சில்வேனியாவையே ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்த ஒப்பீடு. நியூ ஜெர்சிக்குள்ளேயே சில கடைகள் உயர்வுக்கு முன்பே மணிக்கு 5 டாலரோ அதற்கு மேலோ கொடுத்துக்கொண்டிருந்தன. 5.05 என்ற புதுச் சட்டம் அந்தக் கடைகளைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. 4.25 கொடுத்துக்கொண்டிருந்த கடைகளுக்கோ முழு அடியும் விழுந்தது. ஆக ஒரே மாநிலத்துக்குள், ஒரே பொருளாதாரச் சூழலில், ஒரு ஒப்பீட்டுக் குழு தானாகவே கிடைத்துவிட்டது.

4.25 கொடுத்த கடைகளில் சராசரி 19.56லிருந்து 20.88 ஆனது, அதாவது +1.32. 5 டாலரும் அதற்கு மேலும் கொடுத்த கடைகளில் 22.25லிருந்து 20.21 ஆனது, −2.04. வித்தியாசம் 3.36.

இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சட்டம் தொடாத நியூ ஜெர்சிக் கடைகள் 2.04 ஆள் குறைத்திருக்கின்றன. சட்டம் வராத பென்சில்வேனியாக் கடைகள் 2.16 குறைத்திருக்கின்றன. வெவ்வேறு வழியில் தேர்ந்த இரண்டு ஒப்பீட்டுக் குழுக்கள் ஒரே கதையைச் சொல்கின்றன. 1992ல் அந்த வட்டாரத்தில் இந்த வகைக் கடைகள் எல்லாமே சுருங்கிக்கொண்டிருந்தன என்ற ஊகத்துக்கு இது நல்ல பலம் கொடுக்கிறது. ஒரு ஒப்பீட்டுக் குழுவை மட்டும் வைத்துக்கொண்டு இணைப்போக்கு இருக்கிறது என்று சத்தியம் செய்வதைவிட, இப்படி இரண்டாவது குழுவைத் தேடிப் பிடிப்பது எவ்வளவோ மேல்.

ஆனாலும் ஒரு சந்தேகம் எனக்கு மிச்சம் இருக்கிறது. குறைந்த இரண்டு குழுக்களுமே தொடக்கத்தில் பெரியவை: 23.33, 22.25. பின்னர் எல்லாக் குழுக்களும் 20க்கும் 21.2க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டன. பெரிய கடைகள் சுருங்கின, சிறிய கடைகள் வளர்ந்தன என்று வாசித்தாலும் இதே எண்கள்தான் வரும். முதல் சுற்றில் ஏதோ காரணத்தால் ஆள் கூடுதலாகப் பதிவான கடைகள் அடுத்த சுற்றில் சராசரிக்குத் திரும்புவது எந்தச் சர்வேயிலும் நடப்பதுதான். இரண்டே காலப் புள்ளிகள் இருக்கும்போது இந்த இரண்டு வாசிப்புகளையும் பிரித்தறிய முடியாது.

அதற்கு நீண்ட தொடர் வேண்டும். 2000ல் அது வந்தது. டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் கடைகளின் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி, நியூ ஜெர்சியில் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் சுமார் 4 சதவீதம் குறைந்தது என்று எதிர்முடிவை வெளியிட்டார்கள். அதே இதழில் கார்டும் க்ரூகரும் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் நிர்வாகத் தரவை வைத்துப் பதில் சொன்னார்கள். அந்தத் தரவின்படி விளைவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் ஆய்வின் பெரிய நேர்மறை எண் தாங்கவில்லை, எதிர்த்தரப்பின் எதிர்மறை எண்ணும் தாங்கவில்லை. விவாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட அந்தப் பதிலில் வந்த வரைபடம் மாணவர்களுக்குப் பயன்படும். 1991 முதல் 1997 வரை இரு மாநிலங்களின் துரித உணவு வேலைவாய்ப்பு மாதவாரியாக அதில் இருக்கிறது. கொள்கை எதுவும் மாறாத ஆண்டுகளில்கூட இரு கோடுகளும் ஒன்றோடொன்று விலகி நெருங்கி அலைகின்றன. பென்சில்வேனியா அப்படி ஒன்றும் நியூ ஜெர்சியின் நிழல் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் அதில் உண்டு. 1996 அக்டோபரில் மத்தியக் குறைந்தபட்சக் கூலி 4.75 டாலராக உயர்ந்தது. ஏற்கெனவே 5.05ல் இருந்த நியூ ஜெர்சியை அது தொடவில்லை, பென்சில்வேனியாவைத் தொட்டது. அதாவது பாத்திரங்கள் இடம் மாறிவிட்டன, நேற்றைய ஒப்பீட்டுக் குழு இன்று கொள்கை பட்ட குழு ஆகிவிட்டது. தன் மாநிலத்துக்கும் இப்படி ஒரு தலைகீழ்த் தருணம் பின்னாளில் வந்திருக்கிறதா என்று மாணவர் தேடிப் பார்க்கலாம். அங்கே விளைவு எதிர்த்திசையில் வரவில்லையென்றால் முதல் எண்ணின் மேல் சந்தேகம் வர வேண்டும்.

## ரிக்ரெஷன் புதிதாக எதையும் சொல்வதில்லை

நான்கு சராசரிகளை ரிக்ரெஷனாக எழுதினால் இப்படி வரும்:

`fte = a + b·nj + c·after + d·(nj × after)`

இதில் fte என்பது கடையின் ஊழியர் எண்ணிக்கை. nj என்பது நியூ ஜெர்சிக் கடைக்கு 1, பென்சில்வேனியாக் கடைக்கு 0. after என்பது கூலி உயர்வுக்குப் பின் 1, அதற்கு முன் 0. நம் அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். a என்பது பென்சில்வேனியாவின் தொடக்க அளவு, 23.33. b என்பது தொடக்கத்தில் நியூ ஜெர்சி எவ்வளவு வித்தியாசமாக இருந்தது என்பது, −2.89. c என்பது பென்சில்வேனியாவின் மாற்றம், −2.16. d = 2.75. எல்லாவற்றையும் கூட்டினால் 21.03 வருகிறது. கையால் போட்ட அதே கழித்தல்தான், வேறு உடையில். R மென்பொருளில் ஒரு வரி போதும்:

```r
lm(fte ~ nj * after, data = stores)
```

பின்னே ரிக்ரெஷன் எதற்கு? கடை எந்தச் சங்கிலியைச் சேர்ந்தது, நிறுவனமே நடத்துகிறதா அல்லது உரிமம் எடுத்தவர் நடத்துகிறாரா என்பது போன்ற விவரங்களைச் சேர்ப்பதற்கும், மதிப்பீடு எவ்வளவு ஆட்டம் காணக்கூடும் என்று சொல்லும் திட்டப் பிழையைக் கணக்கிடுவதற்கும். இதில் மாணவர்கள் ஒரு குழியில் விழுவார்கள். கட்டுப்பாட்டு மாறிகளைச் சேர்க்கிறேன் என்று கடையின் பின்னாளைய விலையையோ வேலை நேரத்தையோ சேர்த்துவிடுவார்கள். கூலி உயர்வே விலையை மாற்றியிருக்கலாம். கொள்கைக்குப் பின் மாறக்கூடிய ஒன்றைக் கட்டுப்படுத்தினால், விளைவின் ஒரு பகுதியை நாமே துடைத்தெடுத்துவிடுகிறோம்.

மடக்கையா, நேர் எண்ணா என்பதையும் பெரும்பாலோர் யோசிக்காமல் முடிவு செய்கிறார்கள். நியூ ஜெர்சியும் 2.16 ஆள் குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால் நிகழாத நிலை 18.28. ஆனால் பென்சில்வேனியாவின் சரிவு சதவீதத்தில் 9.3. நியூ ஜெர்சியும் அதே 9.3 சதவீதம் குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால் நிகழாத நிலை 18.55, விளைவு 2.48. இங்கே வித்தியாசம் சிறியது, ஏனென்றால் இரு குழுக்களின் தொடக்க அளவும் அருகருகே இருக்கின்றன. தொடக்கத்தில் ஒன்று 20, மற்றொன்று 60 என்றிருந்தால் குறியே மாறிப்போகலாம். நேர் எண்ணில் இணையாகப் போகும் இரு கோடுகள், அளவு வேறாக இருக்கும்போது மடக்கையில் இணையாகப் போகாது. எந்த அளவுகோலில் இணைப்போக்கை நம்புகிறோம் என்பதைக் காரணத்தோடு சொல்லியாக வேண்டும். எது நட்சத்திரம் கொடுக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது காரணம் ஆகாது.

## நட்சத்திரங்கள் எவ்வளவு நம்பகமானவை

2.76க்கு ஆய்வில் கொடுத்த திட்டப் பிழை 1.36. அது எப்படி வந்தது என்று கையாலேயே பார்க்கலாம். நியூ ஜெர்சி மாற்றத்தின் திட்டப் பிழை 0.54, பென்சில்வேனியாவுக்கு 1.25. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.36. பென்சில்வேனியாவில் 79 கடைகள்தான் என்பதால் அதன் பிழை பெரியது, மொத்தப் பிழையும் ஏறக்குறைய அதுவேதான். 2.76ஐ 1.36ஆல் வகுத்தால் 2.03. ஐந்து சதவீத எல்லையைத் தட்டுத்தடுமாறித் தாண்டுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு கடையும் தனித்தனிச் சாட்சி என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் ஒரு மாநிலத்தின் எல்லாக் கடைகளும் அந்த மாநிலத்தின் வானிலையை, வேலையின்மையை, வரியைச் சேர்ந்தே அனுபவிக்கின்றன. பென்சில்வேனியாவுக்கு மட்டும் 1992ல் ஏதோ ஒரு கெட்ட காலம் வந்திருந்தால், அது 79 கடைகளிலும் ஒரே நேரத்தில் தெரியும். கடைகளின் எண்ணிக்கையை 79லிருந்து 7,900 ஆக்கினாலும் அந்தக் கெட்ட காலம் சராசரியில் கரையாது. நமக்குக் கிடைக்கும் எண், உண்மையான விளைவோடு இரு மாநிலத்துக்கும் தனித்தனியே நேர்ந்த அதிர்ச்சிகளின் வித்தியாசமும், கடைகளுக்குள் உள்ள சிதறலும் சேர்ந்தது. அச்சிட்ட திட்டப் பிழை கடைசியில் சொன்னதை மட்டுமே அளக்கிறது.

மாநில அளவில் யோசித்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு மாநிலங்கள், இரண்டு காலங்கள், நான்கு சராசரிகள். நாம் மதிப்பிடுவதும் நான்கு கெழுக்கள். கட்டற்ற அளவு பூஜ்யம். மாநில அதிர்ச்சி எவ்வளவு பெரியதாக இருக்கக்கூடும் என்று அளக்க ஒரு துளித் தரவும் மிச்சமில்லை. "மாநில வாரியாகக் க்ளஸ்டர் செய்தேன்", அதாவது ஒரே மாநிலத்துக் கடைகளை ஒரு கொத்தாக வைத்துத் திட்டப் பிழையைக் கணக்கிட்டேன் என்று இரண்டு மாநிலங்களை வைத்துக்கொண்டு எழுதும் கட்டுரைகளையும் பார்த்திருக்கிறேன். மென்பொருள் ஒரு எண்ணைக் கொடுக்கும்தான். அது பெரும்பாலும் அபத்தமாகச் சிறியதாக இருக்கும்.

இது வெறும் கொள்கையளவு பயம் இல்லை. மரியான் பெர்ட்ராண்ட், எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2004ல் ஒரு குறும்பான சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்க மாநிலங்களின் பெண்கள் கூலித் தரவை எடுத்து, நடக்கவே நடக்காத "சட்டங்களை" ஏதேச்சையாகச் சில மாநிலங்களுக்கும் ஆண்டுகளுக்கும் ஒதுக்கி, அவற்றின் "விளைவை" வழக்கமான முறையில் மதிப்பிட்டார்கள். நூறில் ஐந்து தடவைதான் நட்சத்திரம் வந்திருக்க வேண்டும். 45 சதவீதம் வரை வந்தது. ஒரு மாநிலத்தின் இந்த ஆண்டு எண் போன ஆண்டு எண்ணை ஒட்டியே போகும். வழக்கமான திட்டப் பிழை அதைக் கண்டுகொள்வதில்லை.

இதே குறும்பை மாணவர் தன் கட்டுரையிலும் செய்யலாம். இந்தியாவின் 28 மாநிலங்களுக்கும் தரவு இருந்தால், திட்டம் வராத ஒவ்வொரு மாநிலத்துக்கும் அது வந்ததாகப் பாவித்து அதே மதிப்பீட்டைப் போட வேண்டும். பிறகு 28 எண்களையும் வரிசைப்படுத்தி, உண்மையில் திட்டம் வந்த மாநிலம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். அது முதலிடத்தில் நின்றால் 28ல் 1, அதாவது சுமார் 0.036. ஏழாவது இடத்தில் நின்றால், ரிக்ரெஷன் எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும், அதை மறந்துவிடுவது நல்லது.

கொள்கைக்கு முன்பு பல ஆண்டுத் தரவு இருந்தால், ஆண்டுவாரியாகக் கெழுக்களைப் போட்டு வரைபடம் வரைவது இப்போது வழக்கம். கொள்கைக்கு முந்தைய கெழுக்கள் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் மனசுக்கு நிம்மதி. ஆனால் "முந்தைய கெழுக்கள் புள்ளியியல் ரீதியாகப் பொருட்படுத்தத் தக்கவை அல்ல, ஆகவே இணைப்போக்கு உண்டு" என்ற வாக்கியத்தை மட்டும் எழுதாதீர்கள். தரவு குறைவாக இருந்தால் எதுவுமே பொருட்படுத்தத் தக்கதாக வராது. நம்பிக்கை இடைவெளியின் அகலத்தைப் பாருங்கள். நீங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் விளைவு அளவுக்கே ஒரு விலகல் அந்த இடைவெளிக்குள் ஒளிந்திருக்க இடம் இருந்தால், வரைபடம் எதையும் நிறுவவில்லை.

"முன்" என்பது உண்மையிலேயே முன்தானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நியூ ஜெர்சிச் சட்டம் 1990லேயே நிறைவேறிவிட்டது. கடைக்காரர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. அவர்கள் முன்கூட்டியே ஆளைக் குறைத்திருந்தால் 20.44 என்பதே கொள்கையின் விளைவு கலந்த எண் ஆகிவிடும். ஆனால் இடையில் பொருளாதார மந்தம் வந்து, 1992 மார்ச்சில் உயர்வை இரண்டு தவணையாகப் பிரிக்கச் சட்டமன்றமே வாக்களித்தது. ஆளுநரின் மறுப்பால்தான் முழு உயர்வும் ஏப்ரலில் நின்றது. கடைசி நேரம் வரை எது நடக்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இந்த அரசியல் விவரத்தை ஆய்வாளர்கள் கதைக்காகச் சேர்க்கவில்லை, முதல் சர்வேயை "முன்" என்று அழைக்கும் உரிமையே அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் திட்டத்துக்கும் அறிவிப்பு எப்போது, அரசாணை எப்போது, பணம் கைக்கு வந்தது எப்போது என்று மூன்று தேதிகளையும் தேடி எழுதுங்கள்.

## மூன்றாவது கழித்தல்

ஒப்பீட்டுக் குழு சரியாக அமையவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? பீகாரின் சைக்கிள் திட்டம் ஒரு வழி காட்டுகிறது. 2006ல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. இதைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆய்வு செய்து 2017ல் வெளியிட்டார்கள். அவர்களிடம் இருந்தது 2007–08ன் ஒரே ஒரு குடும்பச் சர்வே. "முன்" தரவே கிடையாது. அதனால் வயதைக் காலமாக்கினார்கள். 14, 15 வயதுக்காரர்கள் திட்டத்தின் வரம்புக்குள் வந்தவர்கள். 16, 17 வயதுக்காரர்கள் திட்டம் வருவதற்குள் அந்த வகுப்பைக் கடந்துவிட்டவர்கள். திட்டம் பெண்களுக்கு மட்டும் என்பதால் பையன்கள் ஒப்பீட்டுக் குழு.

இதோடு நிறுத்தியிருந்தால் வழக்கமான டிஃபரன்ஸ் இன் டிஃபரன்ஸ். ஆனால் சைக்கிள் இல்லாவிட்டாலும் அந்தக் காலத்தில் பெண்களின் பள்ளிச் சேர்க்கை பையன்களைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. பையன்களை வைத்துக் கழித்தால் அந்தப் பொதுப் போக்கும் சைக்கிளின் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்காகத்தான் ஜார்க்கண்ட். 2000 வரை பீகாரின் பகுதியாகவே இருந்த மாநிலம், இந்தத் திட்டம் இல்லாதது. அங்கேயும் அதே வயது, பாலினக் கழித்தலைச் செய்து, பீகாரின் எண்ணிலிருந்து அதைக் கழித்தார்கள். அப்படியும் மிஞ்சியது: மாணவிகளின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 சதவீதம் கூடியது, பாலின இடைவெளி 40 சதவீதம் குறைந்தது.

இதில் என்னை நம்ப வைப்பது மூன்றாவது கழித்தல்கூட இல்லை, அதன் பிறகு அவர்கள் பார்த்த தூரம். சைக்கிள்தான் காரணம் என்றால் பள்ளி பக்கத்திலேயே இருக்கும் கிராமங்களில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, தள்ளி இருக்கும் கிராமங்களில்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் இருந்தது. பீகாரில் அதே காலத்தில் வேறு ஏதோ நல்லது நடந்தது, அதனால்தான் பெண்கள் பள்ளிக்கு வந்தார்கள் என்று வாதிடுபவர், அந்த நல்லது தொலைவில் இருக்கும் கிராமங்களின் பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொட்டது ஏன் என்றும் விளக்க வேண்டியிருக்கும். கார்டும் க்ரூகரும் 5 டாலர் கடைகளை வைத்துச் செய்ததும் இதே வகை வேலைதான். கொள்கையின் அடி எங்கே பலமாக விழ வேண்டும், எங்கே விழவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, தரவில் அந்த வடிவம் தெரிகிறதா என்று பார்ப்பது.

தமிழ்நாட்டின் விலையில்லாச் சைக்கிள் திட்டத்தை இப்படி ஆராயலாமே என்று யாருக்கும் தோன்றும். இங்கே பதினோராம் வகுப்பில் மாணவர்கள், மாணவிகள் இருவருக்கும் சைக்கிள் கொடுக்கப்படுவதால் பையன்கள் ஒப்பீட்டுக் குழுவாக மாட்டார்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளோடு தனியார் பள்ளிகளை ஒப்பிடலாம் என்றால், சைக்கிளுக்காகவே ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் பின் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறியிருக்க முடியும். அப்போது குழுவின் ஆட்களே மாறிவிடுகிறார்கள், சராசரியின் மாற்றம் திட்டத்தின் விளைவு இல்லை. பள்ளிக்கு உள்ள தூரத்தை வைத்து, ஒரே மாவட்டத்துக்குள் எட்டக் கிடக்கும் ஊர்களையும் பள்ளியை ஒட்டிய ஊர்களையும், திட்டத்துக்கு முந்தைய, பிந்தைய வகுப்புகளை எடுத்து ஒப்பிடுவது கொஞ்சம் தேறும். அங்கேயும் புதிதாகத் தரம் உயர்த்தப்பட்ட மேல்நிலைப் பள்ளிகள் எந்த ஆண்டில் எந்த ஊருக்கு வந்தன என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு ஊருக்குப் புதுப் பள்ளி வந்தால் அந்த ஊரின் தூரமே திட்டத்தின் நடுவில் மாறிவிடுகிறது.